நாலு திசையும் சரியாப் பாக்குது, ஆனா வெல்லாத ஆட்டத்த வென்றதெண்டு சொல்லுது

கல்லடிக்கரை — பெப்ரவரி 8, இரவு 10.15

தங்கச்சிக்கும் மாமாட பிள்ளையளுக்கும் எண்டு பைதன்ல நாலு காய் சேர்க்கிற விளையாட்டொண்டு எழுதினன். 6 நிரை, 7 நிரல். மேல இருந்து காய விட்டா அந்த நிரல்ல கீழ போய் நிக்கும். ஒரே நிறம் நாலு, நேராவோ சரிவாவோ தொடர்ந்து வந்தா வெற்றி. மூணு கிழமையா விளையாடுறாங்க. நாலு சேர்ந்த பிறகு சொல்லாம விட்டது ஒருநாளும் இல்ல.

ஆனா முந்தாநாள் தங்கச்சி இடது ஓரத்தில சிவப்ப விட்டதும் "சிவப்பு வென்றது" எண்டு வந்திட்டு. பலகையில எங்க தேடியும் நாலு இல்ல. மஞ்சள் விளையாடின மாமாட மகன் அழுதிட்டான். அவனுக்கு எட்டு வயசு, நான் கள்ளத்தனமா எழுதி வச்சிரிக்கன் எண்டு நினைக்கிறான்.

கடைசியா விழுந்த காயில இருந்து நாலு திசையும் பாக்குற பகுதி இது:

```python
def count(board, r, c, dr, dc, p):
    n = 0
    try:
        while board[r + dr][c + dc] == p:
            r += dr
            c += dc
            n += 1
    except IndexError:
        pass
    return n

def won(board, r, c):
    p = board[r][c]
    for dr, dc in [(0, 1), (1, 0), (1, 1), (1, -1)]:
        a = count(board, r, c, dr, dc, p)
        b = count(board, r, c, -dr, -dc, p)
        if 1 + a + b >= 4:
            return True
    return False
```

பலகைய விட்டு வெளிய போனா `IndexError` வரும், அதப் பிடிச்சு நிறுத்திரிக்கன். நிரை 0 மேல, நிரை 5 அடியில. எங்க பிழை?

செங்கலடியான் — பெப்ரவரி 8, இரவு 10.40

நாலு திசை போதாது தம்பி. எட்டு வேணும். நீங்க வலது, கீழ், ரெண்டு சரிவு மட்டும் குடுத்திரிக்கிங்க. இடது, மேல், மத்த ரெண்டு சரிவு எங்க? என்ட விளையாட்டில எட்டும் எழுதிரிக்கன். ஒரு பிரச்சினையும் வந்ததில்ல.

கல்லடிக்கரை — பெப்ரவரி 8, இரவு 10.52

`-dr, -dc` எண்டு ரெண்டாவது தரம் கூப்பிடுறது அதுக்குத்தான். வலதுக்குப் போய் எண்ணி, பிறகு இடதுக்குப் போய் எண்ணி, ரெண்டையும் கூட்டி நடுக் காய்க்கு ஒண்டு சேர்க்கிறன். எட்டும் உள்ளுக்குள்ள இரிக்கி.

அதோட என்ட பிரச்சினை குறைய எண்ணுறது இல்ல. இல்லாதத எண்ணுறது.

பாசிக்குடா — பெப்ரவரி 9, காலை 6.30

வெல்ற வழி கேக்கிறிங்க எண்டா முதல் காய நடு நிரல்ல போடுங்க. 1988ல ஜேம்ஸ் அலன் எண்டவரும் விக்டர் அலிஸ் எண்டவரும் ஒரே மாசத்தில தனித்தனியாக் கண்டுபிடிச்சது. முதல் ஆடுறவர் நடுவில தொடங்கிப் பிழை விடாம ஆடினா கட்டாயம் வெல்லலாம். தங்கச்சிக்குச் சொல்லிக் குடுங்க.

கல்லடிக்கரை — பெப்ரவரி 9, காலை 7.05

அது இல்ல அண்ணன். வென்றதா இல்லையா எண்டு கோட் கண்டுபிடிக்கிறதப் பத்திக் கேக்கிறன். ஆனா நடு நிரல் விஷயத்த தங்கச்சிக்குச் சொல்லிட்டன். இப்ப யாரு முதல்ல ஆடுறது எண்டு சண்டை.

ஒலுவில் நானா — பெப்ரவரி 9, பகல் 1.20

தம்பி, கோட பார்த்தே சொல்லலாம், ஆனா நீங்களே கண்டால் மறக்காது. `count` உள்ள ஒவ்வொரு காயையும் எண்ணும்போது அது நின்ற நிரையையும் நிரலையும் பிரிண்ட் பண்ணுங்க. தங்கச்சி ஆடின அதே நிலையை வையுங்க. கடைசிக் காய் எது என்பதும் முக்கியம், அதையும் அப்படியே வையுங்க.

கல்லடிக்கரை — பெப்ரவரி 9, இரவு 8.10

கண்டன்.

அடி நிரையில சிவப்பு நாலு இடத்தில இரிந்திச்சு: நிரல் 0, 1, 5, 6. நடுவில மஞ்சள். தங்கச்சி கடைசியா விட்டது நிரல் 0. பிரிண்டில வந்தது:

```
(5, 1)
(5, -1)
(5, -2)
```

வலது பக்கம் ஒண்டு, சரி. இடது பக்கம் நிரல் -1, நிரல் -2. பைதன்ல `board[5][-1]` எண்டா பிழை வராது, அது கடைசி நிரல். `-2` அதுக்கு முந்தினது. இடது ஓரத்தால வெளிய போன கோட் வலது ஓரத்தால உள்ள வந்து, 6லயும் 5லயும் இரிந்த சிவப்ப எண்ணிட்டு. 1 + 1 + 2, நாலு.

வலது ஓரத்தில மட்டும்தான் `IndexError` வரும், இடது ஓரத்தில வராது. நான் வலது ஓரத்த மட்டும் சோதிச்சுப் போட்டு ரெண்டு பக்கமும் சரி எண்டு நினைச்சிரிக்கன்.

கல்லடிக்கரை — பெப்ரவரி 9, இரவு 8.45

இன்னொண்டு. அதே படத்த வேற ஒழுங்கில வச்சுப் பாத்தன். கடைசிக் காய் நிரல் 6ல விழுந்தா பிழையான வெற்றி வரல்ல! வலது பக்கம் 7, அங்க `IndexError`, நிண்டிட்டு. இடது பக்கம் 5 மட்டும், 4ல மஞ்சள். மொத்தம் ரெண்டு. நிரல் 5ல கடைசியா விட்டாலும் ரெண்டுதான். நிரல் 1ல விட்டா திரும்பவும் நாலு.

ஒரே பலகை, ஒரே காய்கள். கடைசிக் காய் இடது பக்கம் விழுந்தா வெற்றி, வலது பக்கம் விழுந்தா இல்ல. மூணு கிழமையா ஆருக்கும் பிடிபடாம இரிந்தது இதாலதான். முந்தியும் ஒரு தரம் வந்ததெண்டு தங்கச்சி சொன்னாள், நான் திரும்பி ஆடிப் பாத்து வரல்ல எண்டு விட்டுட்டன். நான் திரும்பி ஆடின ஒழுங்கு வேறயா இரிந்திருக்கும்.

இப்ப இப்படி மாத்திட்டன்:

```python
while c + dc >= 0 and board[r + dr][c + dc] == p:
```

வேல செய்யிது. மாமாட மகனுக்கு பிரிண்டில வந்த அந்த மூணு வரியையும் காட்டினன். "அப்ப பலகை உருண்டையா இரிக்கா" எண்டு கேட்டான். சரியாத்தான் கேட்டிரிக்கான். கோடுக்கு என்ட பலகை டின் மாதிரி சுத்தி ஒட்டின பலகைதான்.

ஒலுவில் நானா — பெப்ரவரி 10, காலை 9.00

கண்டது சரி. திருத்தினது பாதி.

நான் சொல்லப் போவதில்லை, கோடே சொல்லட்டும். இன்னொரு சோதனையை வேறு வழியில் எழுதுங்க: ஆட்டம் தொடங்கும் முன்பே, நாலு காய் சேரக்கூடிய எல்லாக் கோடுகளையும் ஒரு லிஸ்டில் போட்டு வையுங்க. காய் விழும் ஒவ்வொரு தடவையும் அந்த லிஸ்டில் ஏதாவது ஒன்று முழுக்க ஒரே நிறமா என்று பாருங்க. மெதுவான வழி, ஆனால் கடைசிக் காய் எதென்று அதற்குத் தெரியத் தேவையில்லை, பலகைக்கு வெளியே போகவும் வழியில்லை.

```python
lines = []
for r in range(6):
    for c in range(7):
        for dr, dc in [(0, 1), (1, 0), (1, 1), (1, -1)]:
            er, ec = r + 3 * dr, c + 3 * dc
            if 0 <= er < 6 and 0 <= ec < 7:
                lines.append([(r + k * dr, c + k * dc)
                              for k in range(4)])
print(len(lines))
```

69 வர வேண்டும். படுக்கையாக 24, நிமிர்ந்து 21, ஒவ்வொரு சரிவிலும் 12. 69 வராவிட்டால் லிஸ்டே பிழை, மேலே போகாதீங்க.

பிறகு கண்டபடி காய் விடும் ஆட்டங்களை ஓட விடுங்க. உங்கள் `won` ஒன்று சொல்லி, லிஸ்ட் வேறொன்று சொன்னால் அந்த இடத்திலேயே பலகையைப் பிரிண்ட் பண்ணி நிறுத்துங்க.

செங்கலடியான் — பெப்ரவரி 10, பகல் 12.30

நானா, உங்கட லிஸ்டில எட்டுத் திசையும் போட்டுப் பாத்தன். 138 வருது. எது சரி?

ஒலுவில் நானா — பெப்ரவரி 10, பகல் 12.50

138ன் பாதி 69. ஒவ்வொரு கோட்டையும் இரண்டு நுனியிலிருந்தும் ஒவ்வொரு தடவை எழுதியிருக்கிறீங்க. பலகை முழுவதையும் பார்க்கும்போது நாலு திசை போதும், ஏனென்றால் இடப்பக்கம் போகும் கோட்டின் மறு நுனியிலும் நாம் எப்படியும் நிற்போம். கடைசிக் காயிலிருந்து பார்க்கும்போது நாம் ஓரிடத்தில்தான் நிற்கிறோம், அதனால் இரண்டு பக்கமும் போக வேண்டும்.

உங்கள் விளையாட்டில் எட்டு என்றீங்களே, எட்டையும் தனித்தனியாகவா பார்க்கிறீங்க, சோடி சோடியாகக் கூட்டியா?

செங்கலடியான் — பெப்ரவரி 10, பகல் 1.15

தனித்தனியா. ஒவ்வொரு திசையிலயும் தொடர்ந்து மூணு இரிந்தா வெற்றி.

கல்லடிக்கரை — பெப்ரவரி 10, பின்னேரம் 4.40

அண்ணன், நிரல் 0, 2, 3ல ஒரே நிறம் வச்சுப் போட்டு கடைசியா 1ல விட்டுப் பாருங்க. இடது பக்கம் ஒண்டு, வலது பக்கம் ரெண்டு. தனித்தனியாப் பாத்தா எதுவும் மூணு இல்ல. ஆனா நாலு சேர்ந்திட்டு.

கல்லடிக்கரை — பெப்ரவரி 10, இரவு 11.30

நானா சொன்ன மாதிரி லிஸ்ட் எழுதினன், 69 வந்திச்சு. கண்டபடி ஆட விட்டன். கொஞ்ச நேரம் எல்லாம் ஒத்துப் போச்சு. பிறகு நிண்டிட்டு. நாலாவது நிரலப் பாருங்க, மேல இருந்து கீழ:

```
X
X
O
O
X
X
```

உச்சியில விழுந்ததுதான் கடைசிக் காய். `won` சொல்லுது X வென்றதெண்டு. லிஸ்ட் சொல்லுது இல்லையெண்டு.

நிரை 0ல நிண்டு மேல போனா நிரை -1. அது நிரை 5, அதாவது அடி. அங்க X. -2, அங்கயும் X. கீழ்ப் பக்கம் ஒண்டு, மேல்ப் பக்கம் ரெண்டு, நடுவில ஒண்டு, நாலு. பலகை பக்கவாட்டில மட்டும் இல்ல, மேல கீழயும் ஒட்டிக் கிடந்திரிக்கி. நான் `c` ஐ மட்டும் பாத்திட்டு `r` ஐ மறந்திட்டன்.

நிமிர்ந்த கோட்டில இது கையால ஆடும்போது வரவே கஷ்டம். வழக்கமா இப்ப விட்ட காய்க்கு மேல இடம் காலியாத்தான் இரிக்கும், கோட் அங்கயே நிண்டிடும். ஒரு நிரல் ஆறும் நிறைஞ்சு, அந்த ஆறாவது காயிலதான் கோட் பலகைக்கு மேல போகும். சரிவிலயும் உச்சி நிரையத் தொட்டாத்தான். பிள்ளையள்ட ஆட்டம் அதுக்கு முதலே முடிஞ்சிடுது.

இப்ப முழுசா:

```python
while (0 <= r + dr < 6 and 0 <= c + dc < 7
       and board[r + dr][c + dc] == p):
```

`try` ஐயே எடுத்திட்டன். பிழை வந்தா பிடிப்பம் எண்டு எழுதினதுதான் இவ்வளவுக்கும் காரணம். வெளிய போய்த் திரும்பி வாறதவிட வெளிய போகாம நிக்கிறது நல்லது. எல்லை பாக்குற ரெண்டும் முதல்ல, காயப் பாக்குறது கடைசியில. ஒழுங்கு மாறினா திரும்பவும் `IndexError`.

இரவு முழுக்க ஓட விட்டுப் படுக்கிறன்.

கல்லடிக்கரை — பெப்ரவரி 11, காலை 6.20

ரெண்டு மணி போல கரண்ட் போய் லெப்டொப் நிண்டிட்டு. அதுவரைக்கும் ஒரு முரண்பாடும் இல்ல.

செங்கலடியான் — பெப்ரவரி 11, காலை 8.00

தம்பி சொன்ன 0, 2, 3, பிறகு 1 என்ட விளையாட்டில வச்சுப் பாத்தன். வெற்றி வரல்ல. மற்ற ஆள் அடுத்த காயப் போடச் சொல்லிக் கேக்குது. ஒரு வருஷமா இப்படித்தான் இரிந்திரிக்கி. ஓரத்தில கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆட்டம்தான் எங்கட வீட்டில கூட, அதால தெரியல்ல. எட்ட நாலு சோடியாக்கிக் கூட்டி எழுதிட்டன்.

வெப் அக்கரை — பெப்ரவரி 11, பகல் 2.10

அக்கரைப்பற்றில இருந்து எழுதுறன். நான் இதையே ஜாவாஸ்கிரிப்ட்ல போன்ல ஆடுற மாதிரிச் செஞ்சன். எனக்கு இந்தப் பிரச்சினை எதுவுமே இல்ல, ஏனெண்டா நான் நிரை நிரலே வைக்கல்ல. 42 இடமும் ஒரே வரிசை. மைனஸ் பக்கம் போறதே இல்ல, கடைசி தாண்டினா `undefined`, அது எந்த நிறத்தோடயும் ஒத்துப் போகாது. பாருங்க எவ்வளவு சின்னன்:

```javascript
for (const d of [1, 7, 8, 6])
  for (let i = 0; i < 42; i++)
    if (b[i] && b[i] === b[i + d] &&
        b[i] === b[i + 2 * d] &&
        b[i] === b[i + 3 * d]) return b[i];
```

1 எண்டா வலது, 7 எண்டா கீழ், 8 ஒரு சரிவு, 6 மற்றச் சரிவு.

ஒலுவில் நானா — பெப்ரவரி 11, பகல் 2.45

மைனஸ் போகாது என்பதும் கடைசி தாண்டுவது பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் நடுவில் ஐந்து இடத்தில் ஓரம் இருக்கிறது, அதை இந்தக் கோட் பார்ப்பதே இல்லை.

அடியிலிருந்து இரண்டாவது நிரையின் கடைசி இரண்டு இடமும் 33, 34. அடி நிரையின் முதல் இரண்டு இடமும் 35, 36. நாலும் சிவப்பாக இருந்தால்?

வெப் அக்கரை — பெப்ரவரி 11, பகல் 3.20

வெற்றி எண்டு வருது. யா அல்லாஹ். இது அபூர்வமா வாறதும் இல்லையே, கீழ ரெண்டு நிரையில எப்பவும் காய் இரிக்கும். இத என்ட வகுப்பில பத்துப் பதினைஞ்சு பேருக்கு அனுப்பியும் இரிக்கன்.

கல்லடிக்கரை — பெப்ரவரி 11, பின்னேரம் 5.00

அப்ப என்ட பலகை தன்னைத்தானே சுத்தி ஒட்டிக் கிடந்திச்சு, இவர்ட பலகை ஒவ்வொரு நிரையும் அடுத்த நிரையோட ஒட்டிக் கிடக்குது. சதுரக் கொப்பியில ஒரு நிரைய எழுதி முடிச்சு, வெட்டி, அடுத்த நிரையோட ஒட்டி நீளமா வச்ச மாதிரி.

சரிவிலயும் வரும். 6ல நிண்டு 8 கூட்டினா 14. 6 எண்டது முதல் நிரைட கடைசி, 14 மூணாவது நிரைட முதல். ஒரு நிரையையே தாண்டிப் போகுது.

ஒலுவில் நானா — பெப்ரவரி 11, இரவு 9.15

வெப் தம்பிக்கு: கோடை அதிகம் மாற்றத் தேவையில்லை. நிரல் ஏழை எட்டாக்குங்க, எட்டாவது நிரலில் யாரும் காய் விட முடியாது. 42 இடம் 48 ஆகும். திசைகள் 1, 8, 9, 7. வலப்பக்கம் போகும் எந்தக் கோடும் அந்தச் சுவரில் முட்டி நிற்கும்.

வெப் அக்கரை — பெப்ரவரி 11, இரவு 9.40

இடது பக்கத்துக்கும் ஒரு சுவர் வேணுமே நானா? அப்ப ஒன்பது நிரலா?

ஒலுவில் நானா — பெப்ரவரி 11, இரவு 9.55

வேண்டாம். ஒரே வரிசையில் வைத்திருப்பதால், ஒரு நிரையின் வலச் சுவர்தான் அடுத்த நிரையின் இடச் சுவர். 8ல் நிற்கிறீங்க, அது இரண்டாவது நிரையின் முதல் இடம். ஒன்று இடப்பக்கம் போனால் 7. அது முதல் நிரையின் சுவர். கீழ் இடப்பக்கச் சரிவு, 7 கூட்டினால் 15. அதுவும் சுவர்.

வெப் அக்கரை — பெப்ரவரி 12, காலை 10.30

சுவரெல்லாத்திலயும் `'#'` போட்டன். ஒரு காயும் விடாம ஆட்டத்தைத் தொடங்கினதுமே "# வென்றது" எண்டு வருது.

கல்லடிக்கரை — பெப்ரவரி 12, காலை 10.50

சுவர் எல்லாம் ஒண்டுக்குக் கீழ ஒண்டா ஒரே நிரல்ல நிக்குது. 7, 15, 23, 31. எட்டு எட்டா நாலு சேர்ந்திட்டு! உங்கட `b[i] &&` காலி இடத்த மட்டும்தான் தள்ளுது, `'#'` ஐத் தள்ளாது. சுவருக்கும் காலி இடத்துக்குப் போட்ட 0 ஐயே போடுங்க. சுவர் வேற மாதிரித் தெரியத் தேவையில்ல, அங்க காய் விழாம இரிந்தாச் சரி.

வெப் அக்கரை — பெப்ரவரி 12, காலை 11.15

சரி வந்திட்டு. 33, 34, 35, 36 பிரச்சினையும் போச்சு. காய் விடுற பட்டன் ஏழு மட்டும்தான், எட்டாவதுக்குப் பட்டன் இல்ல. பழசு வச்சிருக்கிறவங்களுக்குப் புதுசு அனுப்புறன்.

களுவாஞ்சி மிஸ் — பெப்ரவரி 13, இரவு 7.30

உயர்தர மாணவர்களுக்கு ஐசிடி படிப்பிக்கிறேன். எங்களுடையது ஐந்து காய் சேர்க்கும் ஆட்டம், 15க்கு 15 கட்டம். காய் கீழே விழாது, விரும்பிய இடத்தில் வைக்கலாம். பிள்ளைகள் முதலில் சதுரக் கொப்பியில் பேனையால் ஆடினார்கள், பிறகு பைதனில் எழுதச் சொன்னேன்.

எழுதியவர்களில் இரண்டு பேரின் புரோகிராம்கள் ஒரே பலகைக்கு வேறு வேறு விடை தருகின்றன. ஆறு காய் தொடர்ந்து வந்த பலகை. ஒருவருடையது கறுப்பு வென்றது என்கிறது, மற்றவருடையது ஆட்டத்தைத் தொடரச் சொல்கிறது. முதலாமவர் எல்லாக் கட்டத்திலிருந்தும் ஐந்து ஐந்தாகப் பார்க்கிறார். இரண்டாமவர் கடைசிக் காயிலிருந்து எண்ணி `== 5` என்று எழுதியிருக்கிறார். யாருக்குப் புள்ளி கொடுப்பது?

ஒலுவில் நானா — பெப்ரவரி 13, இரவு 8.20

மிஸ், நாலு காய் ஆட்டத்தில் இந்தக் கேள்வி இல்லை, ஐந்தோ ஆறோ சேர்ந்தாலும் வெற்றிதான். ஐந்து காய் ஆட்டத்தில் விதி மூன்று வகை. சுதந்திர கோமோக்குவில் ஆறும் வெற்றி. நியமக் கோமோக்குவில் சரியாக ஐந்து மட்டும், ஆறு செல்லாது. ரெஞ்சுவில் கறுப்பு ஆறு சேர்த்தால் தோல்வி, வெள்ளை சேர்த்தால் வெற்றி.

ஆகவே எந்த விதி என்று முதலில் சொல்லப்பட்டதா என்பதைப் பொறுத்தது. ஒன்று மட்டும் நிச்சயம்: சரியாக ஐந்து என்பதுதான் விதி என்றால், ஐந்து ஐந்தாகப் பார்ப்பவரின் புரோகிராம் பிழை. ஆறுக்குள் ஐந்து இரண்டு தடவை இருக்கிறது, அதைக் கண்டதுமே வெற்றி என்று சொல்லிவிடும். அந்த ஐந்துக்கு முன்னுள்ள கட்டமும் பின்னுள்ள கட்டமும் அதே நிறம் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது ஓரத்தில் என்ன நடக்கும் என்பது இந்த இழையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கல்லடிக்கரை — பெப்ரவரி 13, இரவு 9.00

மிஸ், கடைசிக் காயில இருந்து எண்ணினா லேசு. நாலு திசையிலயும் வாற மொத்தத்த எடுத்து:

```python
if max(totals) == 5:
    return True
```

செங்கலடியான் — பெப்ரவரி 13, இரவு 9.35

தம்பி, இதில பிழை இரிக்கி எண்டு நினைக்கிறன். ஒரு காய் வைக்கும்போது படுக்கையா மூணு, இடைவெளி, ரெண்டு. அந்த இடைவெளியில வச்சா ஆறு. அதே இடத்துக்கு மேல நாலு காய் ஏற்கனவே நிக்குது, அப்ப நிமிர்ந்து அஞ்சு. `max` எடுத்தா 6. 6 அஞ்சு இல்ல, வெற்றி இல்ல எண்டு சொல்லும். ஆனா நிமிர்ந்து சரியா அஞ்சு இரிக்கே?

கல்லடிக்கரை — பெப்ரவரி 13, இரவு 9.50

ஓம் அண்ணன். நான் எழுதினது பிழை. `any(t == 5 for t in totals)` எண்டு ஒவ்வொரு திசையையும் தனித்தனியாக் கேக்க வேணும். எதிர்ப் பக்கங்கள கூட்டலாம், திசைகள ஒண்டோட ஒண்டு கலக்கக் கூடாது. அண்ணன்ட பிழை கூட்டாம விட்டது, என்ட பிழை கலந்தது.

ஒலுவில் நானா — பெப்ரவரி 13, இரவு 10.05

செங்கலடியார் சொன்ன நிலை ரெஞ்சுவிலும் கேட்கப்படும். கறுப்பு ஒரே காயில் ஐந்தும் ஆறும் சேர்த்தால் ஐந்துக்கே முதலிடம், கறுப்பு வென்றதாகக் கணக்கு. எனவே ஐந்தை நாலு திசையிலும் முழுதாகப் பார்த்து முடித்த பிறகே ஆறு உண்டா என்று பார்க்க வேண்டும். ஒரே சுற்றுக்குள் இரண்டையும் கேட்டால், படுக்கைத் திசை முதலில் வருவதால் ஆறைக் கண்டு தோல்வி என்று சொல்லிவிடும்.

களுவாஞ்சி மிஸ் — பெப்ரவரி 14, பின்னேரம் 3.45

இன்று வகுப்பில் கேட்டேன். கொப்பியில் ஆடியபோது ஆறு செல்லுமா என்று அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பாதிப் பேர் செல்லும் என்கிறார்கள், பாதிப் பேர் செல்லாது என்கிறார்கள். இரண்டு பேருக்கும் முழுப் புள்ளி கொடுத்து, எந்த விதிக்கு எழுதினார்கள் என்பதை புரோகிராமின் முதல் வரியில் எழுதச் சொன்னேன்.

நானா தந்த லிஸ்ட் முறையை 15க்கு 15க்கு மாற்றினோம். 572 கோடுகள் வந்தன. படுக்கையாக 165, நிமிர்ந்து 165, சரிவு ஒவ்வொன்றிலும் 121. சரியா?

ஒலுவில் நானா — பெப்ரவரி 14, பின்னேரம் 4.10

சரி. ஆனால் அந்த லிஸ்டை `== 5` புரோகிராமோடு ஒப்பிட வேண்டாம். லிஸ்டும் ஆறுக்குள் ஐந்தைக் காணும், எனவே ஆறு வரும் இடமெல்லாம் முரண்படும். `>= 5` புரோகிராமோடு மட்டும் ஒப்பிடுங்க.

கல்லடிக்கரை — பெப்ரவரி 16, இரவு 8.30

ஒண்டு மிச்சம். இங்க அடிக்கடி கரண்ட் போறதால ஒவ்வொரு காய்க்கும் பிறகு பலகைய ஃபைல்ல சேமிக்கிறன். திரும்பத் திறந்தா பலகை வருது, கடைசிக் காய் எதெண்டு தெரியாது. நேற்று தங்கச்சி நாலு சேர்த்த உடனே கரண்ட் போச்சு. காய் சேமிபட்டிட்டு, வெற்றி எண்டு சொல்லல்ல. திரும்பத் திறந்தா மஞ்சள்ட முறை எண்டு வந்து, ஆட்டம் தொடருது. சிவப்பு நாலும் கண்ணுக்கு முன்னால நிக்குது. தங்கச்சி கத்தினாள்.

இப்போதைக்கு திறக்கும்போது ஒரு தரம் 69 கோட்டையும் பாக்க வச்சிரிக்கன். ஆட்டத்துக்குள்ள `won`. கடைசிக் காயையும் சேர்த்துச் சேமிச்சா லிஸ்ட் வேண்டாம் எண்டும் நினைக்கிறன்.

செங்கலடியான் — பெப்ரவரி 16, இரவு 8.50

எப்பவும் 69ஐயே பாத்தா என்ன? கையால ஆடுற ஆட்டம், ஒரு காய்க்கு 69 கோடு பாக்கிறது ஒரு வேலையே இல்ல. `won` ஐ எடுத்து விடுங்க.

ஒலுவில் நானா — பெப்ரவரி 16, இரவு 9.20

செங்கலடியார் சொல்வது இந்த ஆட்டத்துக்குச் சரி. கொம்பியூட்டர் தானே யோசித்து ஆட வேண்டும் என்று வந்தால் ஒரு காய்க்கு இலட்சக்கணக்கான நிலைகளைப் பார்க்க வேண்டி வரும், அப்போது கடைசிக் காயைச் சுற்றி மட்டும் பார்ப்பது தேவைப்படும். இரண்டையும் வைத்திருங்க தம்பி. ஒன்று மற்றதைச் சோதிக்கும்.

கல்லடிக்கரை — பெப்ரவரி 17, காலை 6.45

ரெண்டையும் வச்சிரிக்கன். மாமாட மகன் நேற்று இரவு அடி நிரையில 0, 1, 5, 6ல தானே சிவப்ப வச்சு, 0வ கடைசியா விட்டுப் பாத்தான். ஒண்டும் வரல்ல. பிறகு 1வ கடைசியா விட்டு, பிறகு 5, பிறகு 6. நாலு தரமும் பாத்துப் போட்டுத்தான் மஞ்சளக் கையில எடுத்தான்.